வீட்டுச் சிக்கலால் கெடுவைத் தவறவிடும் ஊழியர்: கணக்கு அலுவலகம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் இப்போது மாதா மாதம் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும், அதனால் கேட்கவும் மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அவரிடம் பேசுவதற்கு முன்பே, கடந்த மூன்று மாதங்களில் தாமதமான ஒவ்வொரு ஃபைலும் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை எடுத்துப் பார்க்க வேண்டும். "அடிக்கடி தாமதமாகிறது" என்ற பொதுவான எண்ணத்தோடு பேசப் போனால், பேச்சு அவருடைய குணத்தைப் பற்றியதாக மாறிவிடும். எந்த ஃபைல், எந்தக் கட்டம், எந்தத் தேதி என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேலையைப் பற்றியதாக இருக்கும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் தொழிலைச் சார்ந்த சிறு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் ஓர் அலுவலகம். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் கணக்காளரின் பொறுப்பில் 24 ஃபைல்கள் இருக்கின்றன. அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, திங்கள், புதன், வெள்ளி பிற்பகல்களில் டயாலிசிஸ் நடக்கிறது. மூன்று மாதங்களில் அவர் செய்ய வேண்டியிருந்த 72 ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல்களில் 13 தாமதமாகியிருக்கின்றன.

அந்தப் பதின்மூன்றையும் பிரித்துப் பார்த்தால், நான்கில் வாடிக்கையாளரே கொள்முதல் பில்களை 18-ஆம் தேதிக்குப் பிறகுதான் கொடுத்திருக்கிறார். அவை கணக்காளரின் பொறுப்பில் சேராது. மீதி ஒன்பதில் ஏழு, நூற்றைம்பது பில்களுக்கு மேல் வரும் பெரிய ஃபைல்கள். அந்த ஏழிலும் பில்கள் 12-ஆம் தேதிக்குள் வந்துவிட்டன, ஆனால் 14-ஆம் தேதி போர்ட்டலில் வரும் 2பி அறிக்கையோடு அவற்றை ஒத்துப்பார்க்கும் வேலை 19-ஆம் தேதிவரை தொடங்கப்படவேயில்லை. இதே கணக்காளர், 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

இப்போது சிக்கலின் வடிவம் தெரிகிறது. சிறிய துண்டுகளாகச் செய்யக்கூடிய வேலையை அவர் சரியாகவே முடிக்கிறார். மூன்று நான்கு மணி நேரம் இடையூறின்றி உட்கார வேண்டிய வேலை, 14-க்கும் 20-க்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில், அவரால் முடியவில்லை. "பொறுப்பில்லை" என்றோ "பாவம், கஷ்டத்தில் இருக்கிறார்" என்றோ நினைத்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

அவரிடம் எப்படிப் பேசுவது? குடும்ப விஷயத்தை நான் கேட்கலாமா?

வேலையை முதலில் வைத்து, குடும்பத்துக்குள் நுழைவதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். தனி அறையில், கதவை மூடிக்கொண்டு, கெடு வாரமல்லாத ஒரு நாளில் பேசுங்கள். 20-ஆம் தேதி மாலையில் நடக்கும் எந்தப் பேச்சும் கோபத்தில்தான் முடியும்.

"மேடம், இந்த மூணு மாசத்துல இந்த ஏழு ஃபைலும் ஒரே இடத்துலதான் நின்னிருக்கு, 2பி பார்க்கிற இடத்துல. பில்லெல்லாம் முன்னாடியே வந்திருக்கு. அந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு பேசாமல் இருப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் அந்த இடைவெளியில் சொல்லத் தொடங்குவார்கள். அவர் தயங்கினால், "காரணத்தை விவரமாச் சொல்லணும்னு இல்லை, எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் உங்களால வேலைக்கு உட்கார முடியும்ங்கிறது மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லலாம். ஒரு மேலாளருக்கு உண்மையில் தேவைப்படும் தகவல் இந்த நேரக் கணக்கு மட்டுமே. நோயின் பெயர், கிரியாட்டினின் அளவு, எந்த மருத்துவமனை, தம்பி ஏன் பார்த்துக்கொள்வதில்லை என்பவையெல்லாம் தெரிந்தாலும் வேலைப் பங்கீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை. தெரியாமல் இருந்தால் அவருடைய மரியாதை காக்கப்படும்.

இரண்டு வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். "எல்லார் வீட்டிலும் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது" என்பது ஒன்று. அதைக் கேட்டவர் அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார். "கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது மற்றொன்று. எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள், எதுவரைக்கும், யாருடைய உழைப்பில் என்பது முடிவாகாத நிலையில் கொடுக்கும் இந்த வாக்கு, பிறகு அவருக்கு ஒரு பொருளும் உங்களுக்கு வேறொரு பொருளுமாக நின்றுவிடும்.

அரசு போட்ட தேதியை என்னால் நகர்த்த முடியாதே. பிறகு என்ன சலுகை கொடுக்க முடியும்?

தேதியில் சலுகை கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. மாதந்தோறும் 3பி தாக்கல் செய்யும் வாடிக்கையாளருக்கு 20-ஆம் தேதி என்றால் 20-தான். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் ஏறும். 80,000 ரூபாய் வரியுள்ள ஃபைல் ஆறு நாள் தாமதமானால் கட்டணம் 300 ரூபாய், வட்டி சுமார் 237 ரூபாய். பணமாகப் பார்த்தால் இது சிறிய தொகைதான். ஆனால் அந்த மாதத்து 3பி போடாமல் அடுத்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது; அது போகாவிட்டால் வாடிக்கையாளரிடம் சரக்கு வாங்கியவரின் 2பி-யில் பில் தெரியாது; தெரியாதவரைக்கும் அவர் ஜிஎஸ்டி தொகையை நிறுத்தி வைப்பார். இரண்டு மாதம் தொடர்ந்து 3பி நின்றுபோனால் இ-வே பில்லும் முடங்கும். ஒருவருடைய வீட்டுச் சிக்கல் இப்படி அவரை அறியாத ஒரு சிறு தொழிலதிபரின் வரவைத் தடுக்கும் நிலைக்குப் போக விடக் கூடாது.

நகர்த்தக்கூடியவை வேறு மூன்று: எந்த வேலை அவரிடம் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எந்த நேரத்தில் செய்கிறார். வேலையின் தரம் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் முடித்துக்கொடுக்கும் ஃபைல் மற்றவர்களுடையதைப் போலவே பிழையில்லாமல் இருக்க வேண்டும். "அவர் இருக்கும் நிலையில் இவ்வளவு செய்ததே பெரிது" என்று அரைகுறைக் கணக்கை ஏற்றுக்கொள்வது அவருக்கும் நன்மையல்ல.

எடுத்துக்காட்டில் உள்ள கணக்காளரிடம் பெரிய ஃபைல்கள் எட்டு இருக்கின்றன. அவற்றில் ஐந்தை இரண்டு சக ஊழியர்களுக்கு மாற்றலாம். அதற்கு ஈடாக, அந்த இருவரும் செய்துகொண்டிருந்த வங்கி அறிக்கைப் பதிவுகளையும், காலாண்டு டிடிஎஸ் அறிக்கைக்கான தொகுப்பு வேலையையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். டிடிஎஸ் அறிக்கைக்குக் காலாண்டு முடிந்து ஒரு மாதம் அவகாசம் உண்டு, மார்ச் காலாண்டுக்கு மே 31 வரை உண்டு. அந்த வேலையை ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று விட்டு விட்டுச் செய்தாலும் கெடாது. இப்படிச் செய்யும்போது அவர் வேலையிலிருந்து விலக்கப்படுவதில்லை. அவருடைய இப்போதைய நாளுக்குப் பொருந்தும் வேலை அவரிடம் வருகிறது.

நேரத்தில், திங்கள், புதன், வெள்ளியில் காலை எட்டு மணிக்கே வந்து ஒரு மணிக்குப் போக அனுமதிக்கலாம். டயாலிசிஸ் ஒரு முறைக்குச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். போக வர, காத்திருக்க, வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க என்று பார்த்தால் அரை நாளுக்கு மேல் போய்விடும். "லேப்டாப்பைக் கொடுத்துவிடுகிறேன், அங்கே உட்கார்ந்து பாருங்கள்" என்று சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரத்த அழுத்தம் இறங்கினால் ஓட வேண்டியவர் அவர்தான். அந்த நிலையில் ஒத்துப்பார்த்த கணக்கில் பிழை நுழையும், அதை மறுபடி பார்க்க வேறொருவர் நேரம் செலவாகும்.

அவருடைய ஃபைல்களை எடுத்துக்கொள்பவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

அவர்கள் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டால் அநியாயம்தான். நடத்துபவர்கள் இந்த இடத்தைத்தான் பெரும்பாலும் கவனிப்பதில்லை: இரக்கம் காட்டுவது முதலாளி, அதற்கான விலையைக் கொடுப்பது பக்கத்து மேசைக்காரர். உதவி அலுவலகத்தின் முடிவு என்றால் செலவும் அலுவலகத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய ஃபைலுக்கு மாதம் நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து ஃபைல்களுக்கு இருபது மணி நேரம். அந்தக் கணக்காளரிடம் போன பதிவு வேலையும் டிடிஎஸ் தொகுப்பும் பன்னிரண்டு மணி நேரத்தைக் குறைக்கின்றன. மிஞ்சும் எட்டு மணி நேரம் இருவருடைய மாலைகளிலிருந்து வருகிறது, அதுவும் மாதத்தின் மிக நெருக்கமான வாரத்தில். இதற்கு ஃபைல் ஒன்றுக்கு மாதம் 400 ரூபாய் என்று கூடுதல் தொகை வைத்தால் அலுவலகத்துக்கு மாதம் 2,000 ரூபாய் ஆகும். ஒரு வாடிக்கையாளர் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல. பணம் கொடுக்க இயலாத அலுவலகம், 20-ஆம் தேதிக்குப் பின் ஒரு நாள் ஈடுவிடுப்பு கொடுக்கலாம், அல்லது அவர்களிடமிருந்து அதே அளவு வேறு வேலையை எடுத்துவிடலாம். மூன்றில் ஒன்று கட்டாயம் நடக்க வேண்டும், அது ஃபைல் கைமாறும் நாளிலேயே முடிவாக வேண்டும்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். நம் அலுவலகங்களில் இப்படிப்பட்ட கூடுதல் வேலை கல்யாணம் ஆகாதவர்களிடமும், மறுத்துப் பேசாதவர்களிடமும் தானாகப் போய்ச் சேர்கிறது. "உனக்கென்ன, வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்" என்ற பேச்சு நிறையப் பேரை வேலையை விட்டுப் போக வைத்திருக்கிறது. யார் கையில் ஏற்கெனவே எத்தனை ஃபைல்கள் இருக்கின்றன என்பதை எழுதி வைத்துக்கொண்டு, குறைவாக இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் முடியாது என்றால் காரணம் கேட்காமல் அடுத்தவரிடம் போங்கள்.

மற்றவர்களிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாவிட்டால் கிசுகிசு கிளம்புகிறது.

மாற்றத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். எந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை அந்தக் கணக்காளரிடமே முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். "குடும்பச் சூழல் காரணமாக மூன்று மாதங்களுக்கு வேலைப் பங்கீட்டை மாற்றியிருக்கிறோம். இந்த ஐந்து ஃபைல்கள் இன்னின்னாரிடம் போகின்றன, அதற்குத் தனித் தொகை உண்டு. மாத முடிவில் எப்படிப் போகிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்" என்ற அளவு போதுமானது. அவரே விரும்பித் தோழிகளிடம் விவரம் சொன்னால் அது அவர் உரிமை. நீங்கள் சொல்லிவிட்டால், "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது" என்ற கேள்விக்கு ஒரு நாளில் ஆறு பேருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான் கஷ்டப்பட்டபோது எனக்கு யார் சலுகை கொடுத்தார்கள்?" என்று ஒரு பழைய ஊழியர் கேட்கிறார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்கு அப்போது கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை என்றால், அதை ஒப்புக்கொண்டு, இனி எவருக்கும் பொருந்தும் விதமாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நீண்ட கொள்கை ஆவணம் தேவையில்லை. குடும்பத்தில் நோய், மரணம், பேறு, பிள்ளைகளின் அவசரம் போன்ற காரணங்களுக்காக யார் கேட்டாலும் மூன்று மாதம்வரை வேலை மாற்றிக் கொடுக்கப்படும், எடுத்துக்கொள்பவருக்கு இன்ன தொகை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபார்வை, அலுவலகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இயலாது என்று பத்து வரிகளில் அடக்கிவிடலாம். அந்தக் கடைசி வரம்பையும் நேர்மையாக எழுத வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் மூன்றாவது ஆள் கேட்டால் தற்காலிகமாக வெளியாள் ஒருவரைப் பகுதி நேரத்துக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

ஒருவருக்குக் கேளாமல் கிடைத்தது இன்னொருவருக்குக் கேட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் குழுவில் மனக்கசப்பை வளர்க்கிறது. விதி எழுத்தில் இருக்கும்போது, அடுத்து அது தனக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரிகிறது.

விடுப்பை எப்படிக் கணக்கு வைப்பது? மருத்துவச் சான்று கேட்கலாமா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்கீழ் வரும் இடமானால், ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டில் 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும், தவிர 12 நாள் தற்செயல் விடுப்பும், 12 நாள் நோய் விடுப்பும் உண்டு. நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்கானது. தாயாரைப் பார்க்கப் போவதற்கு முதல் இரண்டையும்தான் பயன்படுத்த வேண்டும். வாரம் மூன்று அரை நாள் என்றால் மாதம் ஆறு நாளுக்கு மேல் ஆகிறது. இரண்டும் சேர்ந்த 24 நாள் நான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே காலை எட்டு மணிக்கே வந்து வேலை செய்யும் நேரத்தை அந்த அரை நாளுக்கு ஈடாக வைத்து, குறையும் நேரத்தை மட்டும் விடுப்பில் கழிப்பது நல்லது. ஒவ்வொரு மாத முடிவிலும் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கு எழுதிக் கொடுங்கள். நான்காம் மாதம் திடீரென்று சம்பளம் குறைந்தால் அது இன்னொரு வீட்டுச் சிக்கலாகிவிடும்.

சான்றைப் பொறுத்தவரை, இதே அளவு விடுப்புக்கு மற்றவர்களிடம் எதைக் கேட்பீர்களோ அதையே கேளுங்கள். சிகிச்சை நாட்களைக் குறிப்பிட்டு மருத்துவமனை கொடுக்கும் ஒரு வரிச் சீட்டு போதும். பரிசோதனை அறிக்கைகளை வாங்கி வைக்க வேண்டாம்.

அலுவலகம் இஎஸ்ஐ-யில் பதிவாகி, ஊழியரின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் இஎஸ்ஐ மருத்துவத்துக்கு உரியவர்கள். பலருக்கு இது தெரியாமலே தனியார் மையத்தில் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டியவரானாலும் பிஎஃப் கணக்கிலிருந்து குடும்பத்தினரின் சிகிச்சைக்காக முன்பணம் எடுக்க வழி உண்டு. கணக்கு அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களை வாடிக்கையாளர்களுக்காக நாம் போட்டுக் கொடுக்கிறோம். நம் ஊழியருக்கும் ஒரு நாள் உட்கார்ந்து செய்து கொடுக்கலாம்.

தாமதக் கட்டணத்தை அவர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பிடிக்க வேண்டாம். விளக்கம் கேட்காமல் பிடிப்பதைச் சட்டமும் அனுமதிக்காது. அதைவிட முக்கியமான காரணம், பணம் பிடிக்கப்படும் என்று தெரிந்தால் ஊழியர்கள் தாமதத்தை மறைப்பார்கள். 16-ஆம் தேதி தெரிந்திருக்க வேண்டியது 21-ஆம் தேதி வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பில்தான் தெரியவரும். கட்டணம் அலுவலகத்தின் தவறால் வந்தது என்றால் அலுவலகம் கட்டட்டும்.

மறுபடி தவறாமல் இருக்க எப்படிக் கண்காணிப்பது? அவரை மட்டும் தினமும் கேட்டால் அவமானமாக நினைக்கிறார்.

அவரை மட்டும் கண்காணிக்காதீர்கள். எல்லா ஃபைல்களையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள்: பில் வந்த தேதி, 2பி ஒத்துப்பார்த்த தேதி, வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த தேதி, தாக்கல் தேதி. எல்லோரும் பார்க்கும்படி கூகுள் ஷீட்டிலோ சுவரிலோ இருக்கலாம். அலுவலகத்தின் உள்தேதி 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி போர்ட்டல் திணறுவதும் ஓடிபி வராமல் போவதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதோடு ஒரே ஒரு விதி சேர வேண்டும். 16-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குள், தன்னால் 18-க்குள் முடியாது என்று தோன்றும் ஃபைலைச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன ஃபைல் எவருடைய பெயரிலும் குறையாக எழுதப்படாது. அன்று மாலையே வேறொருவர் கைக்குப் போகும். சொல்லாமல் 19-ஆம் தேதி தெரியவரும் ஃபைல்தான் குறையாக எழுதப்படும். தாயாருக்கு இரவில் மூச்சுத் திணறல் வந்து மறுநாள் வர முடியாமல் போவது அவர் கையில் இல்லை, ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது. விதி எல்லோருக்கும் பொது என்பதால் யாரும் தனியாகச் சுட்டப்படுவதில்லை. வழக்கமாக நேரத்துக்கு முடிப்பவர்களும்கூட இதைப் பயன்படுத்தத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

கெடுவைத் தவறவிடும் ஊழியர் நான்தான். மேலாளரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

உங்களால் வர முடியாத நாட்களையும் நேரத்தையும், இது எத்தனை மாதம் நீடிக்கும் என்ற உங்கள் மதிப்பீட்டையும், கைவசம் உள்ள ஃபைல்களில் எவற்றை உறுதியாக முடிக்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "எப்படியாவது முடித்துவிடுகிறேன்" என்று சொல்வது அந்த நேரத்துக்கு மரியாதையாகத் தோன்றும், ஆனால் அதை நம்பி மாற்றாள் ஏற்பாடு செய்யாமல் இருந்தவருக்கு அதுவே பெரிய இடைஞ்சலாகிவிடும். உங்கள் ஃபைலை எடுத்துக்கொள்பவருக்குப் பாஸ்வேர்டு, நிலுவையில் உள்ள பில்கள், வாடிக்கையாளரின் பழக்கவழக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், அவருக்கு முதல் மாதத்தில் பல மணி நேரம் மிச்சமாகும்.

எங்கள் ஊழியருக்கு இப்படிக் கிழமை சொல்லக்கூடிய சிக்கல் இல்லை. கணவன் மனைவி தகராறு, கடன், மனச்சோர்வு போன்றவை. அப்போது?

நேரத்தை மாற்றுவது அங்கே அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அவர் இருக்கையில்தான் இருக்கிறார், வேலைதான் ஓடவில்லை. அப்படிப்பட்டவருக்கு நீண்ட வேலையைத் துண்டாக்கிக் கொடுப்பது உதவும்: இன்று மதியத்துக்குள் இந்த இரண்டு லெட்ஜர், மாலைக்குள் இந்த ஒரு வங்கிக் கணக்கு என்று. அனுபவமுள்ள சக ஊழியர் ஒருவர் காலையில் பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து அன்றைய வேலையை வரிசைப்படுத்திக் கொடுக்கட்டும். தீர்த்துவைக்கும் நடுவராக நீங்கள் மாற வேண்டாம். கணவரை அழைத்துப் பேசுவது, கடன்காரரிடம் பேசுவது எல்லாம் நல்லெண்ணத்தில் தொடங்கி வேலை உறவையே குலைத்துவிடும். தூக்கமின்மை, அழுகை, வாழ்வதில் விருப்பமின்மை தெரிந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். அரசு நடத்தும் இந்த இலவச மனநலச் சேவையில் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் பேச்சு வந்தால் ரகசியம் காப்பதைவிட அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோவதே முதல் கடமை.

ஆண்டு இறுதியில் சம்பள உயர்வு எப்படிப் போடுவது?

அவரிடம் இருந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதை வைத்துப் போடுங்கள். கைமாறிய ஐந்து ஃபைல்கள் அவருடைய கணக்கிலும் வேண்டாம், எடுத்துக்கொண்டவர்களின் சாதனையாக அவருக்கு எதிராகவும் வேண்டாம். எடுத்துக்கொண்டவர்களுக்கு மாதத் தொகை கொடுத்திருந்தாலும், நெருக்கமான வாரத்தில் கூடுதல் சுமையைச் சமாளித்தது அவர்களுடைய உயர்வில் தெரிய வேண்டும். ஃபைல் அடிப்படையில் ஊக்கத்தொகை இருக்கும் அலுவலகத்தில் தொகை ஃபைலோடு போகட்டும்.

எத்தனை மாதம் பொறுப்பது? மாற்றிக் கொடுத்த பிறகும் தவறினால் என்ன செய்வது?

மூன்று மாதம் என்று முதலிலேயே தேதி போட்டுத் தொடங்குங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கட்டத் தாளை வைத்துக்கொண்டு இருவரும் பாருங்கள். மாற்றம் பலிக்கிறதா என்பதை முதல் இரண்டு கெடு வாரங்களிலேயே கண்டுகொள்ளலாம். எடுத்துக்காட்டில் உள்ளவரிடம் இப்போது 19 ஃபைல்கள் இருக்கின்றன, அவற்றில் மூன்றுதான் பெரியவை. அந்த மூன்றும் 18-க்குள் முடிந்தோ, முடியாதது 16-ஆம் தேதியே சொல்லப்பட்டோ இருந்தால் ஏற்பாடு சரியாகப் போகிறது. மாறாக, செவ்வாய், வியாழனில் முழு நாள் இருந்தும் சிறிய ஃபைல்கள் நிற்கின்றன, சொல்லவும் இல்லை என்றால், தாமதத்துக்குக் காரணம் டயாலிசிஸ் நாட்கள் அல்ல. அங்கே இரண்டு வாய்ப்புகள் உண்டு. அவர் நாம் நினைத்ததைவிட அதிகமாகச் சோர்ந்துபோயிருக்கலாம். அப்போது ஒரு மாதம் முழு விடுப்பு, சம்பளமில்லாமலானாலும், அரைகுறை வேலையைவிட எல்லோருக்கும் நல்லது. அல்லது வேலையில் ஈடுபாடே போயிருக்கலாம்; அதை வீட்டுச் சிக்கலோடு சேர்க்காமல் தனியாக, மற்ற எவரிடமும் பேசுவதுபோலப் பேச வேண்டும்.

அந்தப் பேச்சை எழுத்திலும் கொடுங்கள்: எந்தெந்த ஃபைல், எந்தத் தேதி, அடுத்த இரண்டு மாதத்தில் என்ன மாற வேண்டும் என்று. அதற்குப் பிறகும் மாறாமல் பணியிலிருந்து விடுவிக்கும் நிலை வந்தால், மேற்சொன்ன சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்போ அதற்குரிய ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது. அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன், பொறுப்புக் குறைவான, கெடு இல்லாத பதிவு வேலைக்கு, அதற்கேற்ற சம்பளத்தில் மாற அவருக்கு விருப்பமா என்று ஒருமுறை கேளுங்கள். தாயாரைக் கவனித்துக்கொள்ளும் பலர் அதை ஏற்பார்கள்.

நிலைமை சீரடைந்தால், ஐந்து ஃபைல்களையும் ஒரே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். முதல் மாதம் இரண்டு, அது 18-க்குள் முடிந்தால் அடுத்த மாதம் மற்ற மூன்று என்று கொடுங்கள். காலாண்டு டிடிஎஸ் வேலை நடுவில் இருந்தால் அது முடியும்வரை அவரிடமே இருக்கட்டும். திரும்பிப் போகும் ஃபைலின் கூடுதல் தொகை எந்த மாதத்தோடு நிற்கிறது என்பதை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, இனி யாரிடம் பேச வேண்டும் என்று அந்த ஐந்து வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.